37 பேர், 37 புது முகங்கள்

செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்டு, விடுவிப்புச் சான்றிதழ் வாங்கிய பெண்கள் 37 பேர் ஒரு நாள் ஒன்றுகூடினார்கள். வட தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த இருளர் குடும்பத்துப் பெண்கள். அவர்களோடு வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்புக்கு நான் புத்தகம் வடிவமைத்துக் கொடுப்பவன். அன்றைக்கு எடுத்த படங்களில் நான்கு புத்தகத்துக்கு வேண்டும் என்றார்கள். மூன்று வரிசையாக எல்லாரும் நிற்கும் படம் ஒன்று. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் படம் ஒன்று. கூட்டமாக நடந்து வரும் படம் ஒன்று. புதிதாகக் கட்டிய வீட்டு வாசலில் 11 பேர் நிற்கும் படம் ஒன்று.

முகம் மட்டும் வெளியே தெரியக் கூடாது. முன்பணம் கொடுத்தவரின் ஆட்கள் இன்னும் சிலரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி விடுதலையானவர் ஊர் திரும்பி நிம்மதியாக வாழ்வதற்குப் பெரிய ஆபத்தே, இன்னார்தான் என்று அடையாளம் காணப்படுவதுதான்.

வழக்கமாக என்ன செய்வோம்? கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை போடுவோம், அல்லது முகத்தை மங்கலாக்குவோம். முதலில் நானும் அப்படித்தான் செய்து காட்டினேன். 37 பேரும் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர்கள்போல் தெரிந்தார்கள். படத்தில் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தது மொத்தமாகப் போய்விட்டது. அதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. மங்கலாக்கிய முகத்தையும் கட்டம் கட்டமாக்கிய முகத்தையும், பயிற்சி கொடுத்த கணினி நரம்பு வலைகளால் பெருமளவு அடையாளம் காண முடியும் என்று 2016-லேயே ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். மங்கலில் தகவல் குறைகிறதே தவிர, முழுதாக அழிவதில்லை.

ஆகவே வேறு வழியை எடுத்தோம். ஒவ்வொருவரின் முகத்துக்குப் பதிலாகவும், உலகில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முகம். சிரிப்பும் தலைசாய்ப்பும் பார்க்கும் திசையும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். முகம் மட்டும் வேறு. கூடவே ஒரு நிபந்தனை: முதல் படத்தில் ஒருவருக்கு எந்த முகம் கொடுத்தோமோ, நான்காவது படத்திலும் அவருக்கு அதே முகம்தான் இருக்க வேண்டும். புத்தகத்தில் அவர்களுடைய கதை மாற்றுப் பெயர்களில் வருகிறது. பந்தியில் சோறு பரிமாறும் ‘செல்வி’யும் வீட்டு வாசலில் நிற்கும் ‘செல்வி’யும் வேறு வேறு ஆளாகத் தெரிந்தால், படிப்பவருக்குக் கதையே பொய்யாகத் தோன்றும். இருவர் முகம் இடம் மாறிவிட்டால் அது இன்னும் மோசம். ஒருத்தியின் துயரம் இன்னொருத்தியின் கணக்கில் ஏறிவிடும்.

ஒரு முகத்தை மாற்றுவது இன்று பெரிய காரியமில்லை. 37 முகங்களை, நான்கு படங்களில், ஆள் மாறாமல் மொத்தமாக மாற்றுவதுதான் வேலை. இதில் முகம் ஒட்டும் பகுதி சின்னது. எந்த முகம் யாருடையது என்ற கணக்கை வைத்துக்கொள்வதில்தான் பெரும்பாடு.

அந்தக் கணக்கு எங்கே பிசகும் என்பதை என் முதல் முயற்சியிலேயே பார்த்துவிட்டேன். முகம் கண்டறியும் மென்பொருள் படத்தைப் பார்த்து முகங்களுக்கு 0, 1, 2 என்று எண் கொடுக்கிறது. நான் அந்த எண்ணையே ஆளின் எண்ணாக எடுத்துக்கொண்டேன். ‘0-க்கு இந்தப் புது முகம், 1-க்கு அந்தப் புது முகம்’ என்று பட்டியல் போட்டு, நான்கு படங்களையும் ஓட்டினேன். முதல் படம் அழகாக வந்தது. இரண்டாவதில் அறுபது வயதுப் பாட்டிக்கு இருபது வயதுப் பெண்ணின் முகம். அந்த எண்ணுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. நான் பயன்படுத்திய InsightFace-இல், எந்த முகம் மென்பொருளுக்கு மிக நிச்சயமாகத் தெரிகிறதோ அதுவே முதலில் வரும். சில கருவிகள் இடமிருந்து வலமாக அடுக்கும். எப்படி அடுக்கினாலும், ஒருத்தி இரண்டடி தள்ளி நின்றால் அவளுக்குப் பின்னால் உள்ள எல்லாருடைய எண்ணும் மாறிவிடும்.

அதனால் வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை பதிவேடு முதலில், படம் அப்புறம்.

அமைப்பிடம் ஒவ்வொருவரின் தனிப்படமும் இருந்தது. அவர்களிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு தனிப்படத்தையும் முகம் அறியும் மாதிரியிடம் கொடுத்தேன். அது ஒரு முகத்தைப் பார்த்து 512 எண்கள் கொண்ட வரிசை ஒன்றைத் தருகிறது. ஆர்க்ஃபேஸ் என்று பெயர்பெற்ற முறை இது. வெளிச்சமும் சிரிப்பும் மாறினாலும், ஒரே ஆளின் எண்வரிசைகள் கிட்டத்தட்ட ஒரே திசையை நோக்கி இருக்கும். வேறு ஆளுடையது விலகிப் போகும். இரண்டு வரிசைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லலாம். முழுக்க ஒன்றென்றால் 1; சம்பந்தமே இல்லையென்றால் 0-ஐ ஒட்டி நிற்கும். எங்கள் படங்களில் ஒரே ஆளுக்கு 0.5-க்கு மேல் வந்தது. சம்பந்தமில்லாத இருவருக்கு 0.2-ஐத் தாண்டுவது அரிது. இப்படி 37 வரிசைகள் கொண்ட பதிவேடு தயாரானது. அதில் ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே ஒரு புது முகம்.

அடுத்து, குழுப் படத்திலிருந்து முகங்களைப் பொறுக்க வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எங்கள் படம் 6000 பிக்சல் அகலம். கண்டறியும் கருவியோ, வழக்கமான அமைப்பில், படத்தை 640 பிக்சலுக்குச் சுருக்கித்தான் பார்க்கும். அதாவது ஒன்பது மடங்குக்கு மேல் சுருங்கும். பின்வரிசையில் 110 பிக்சல் அகலமிருந்த முகம் 12 பிக்சல் புள்ளியாகிவிடும். முதல் ஓட்டத்தில் 26 முகங்கள்தான் கிடைத்தன. கருவி எந்தப் பிழையும் சொல்லவில்லை. ‘முடிந்தது’ என்று நின்றது. மீதி 11 பேர் தங்கள் சொந்த முகத்தோடு அப்படியே படத்தில் இருந்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்யும் வேலையில் இதைவிட ஆபத்தான தவறு இல்லை. பார்க்கும் அளவை 1920-ஆக உயர்த்தியதும் 36 முகங்கள் வந்தன. கடைசி ஒருத்தி பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். முன்னால் இருந்தவள் தூக்கிய கை அவள் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. அவளைக் கையால்தான் குறித்தேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு படத்திலும் தலைகளை முதலில் நானே விரல் வைத்து எண்ணித் தாளில் எழுதுவேன். மென்பொருளின் எண்ணிக்கை அதோடு பொருந்தாத வரை அடுத்த அடி எடுத்து வைப்பதில்லை.

இப்போது படத்தில் 37 முகங்கள், பதிவேட்டில் 37 ஆட்கள். யாருக்கு யார் என்று சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முகத்துக்கும் அதிக மதிப்பெண் வாங்கும் ஆளைக் கொடுத்தால் போதும் என்றுதான் தோன்றும். அக்கா தங்கையும் அம்மா மகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படத்தில் அது தவறாகப் போகும்.

எங்கள் படத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா தங்கை இருவர். பந்திப் படத்தில் அக்காவின் முகம், பதிவேட்டு அக்காவோடு 0.58 ஒத்துப்போனது, பதிவேட்டுத் தங்கையோடு 0.49. தங்கையின் முகமோ, பதிவேட்டு அக்காவோடு 0.55, தங்கையோடு 0.52. குனிந்து சாப்பிட்டதில் அவள் சாடை அக்காவைப் போல் விழுந்திருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு முகமும் அக்காவுக்கே போய்விடும். இலையின் முன்னால் ஒரே பெண் இரண்டு பேராக உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் நமக்கு ஒன்று தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது: ஒரே படத்தில் ஒருவர் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அதை விதியாகக் கொடுத்து, மொத்தக் கூட்டல் எந்தச் சேர்க்கையில் அதிகம் என்று கேட்க வேண்டும். அக்காவுக்கு அக்கா, தங்கைக்குத் தங்கை என்றால் 0.58-ம் 0.52-ம் சேர்ந்து 1.10. மாற்றிப் போட்டால் 0.49-ம் 0.55-ம் சேர்ந்து 1.04. முதலாவதே சரி. இரண்டு பேருக்கு மனக்கணக்காகப் போட்டுவிடலாம். 37 பேருக்கு எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று எண்ணத் தொடங்கினால் வாழ்நாள் போதாது. இதைச் சுருக்கமாகத் தீர்க்கும் வழியை 1955-இல் ஹெரால்டு கூன் என்ற கணித அறிஞர் வெளியிட்டார். இரண்டு ஹங்கேரியக் கணித அறிஞர்களின் முந்தைய வேலையை அடிப்படையாகக் கொண்டதால், அதற்கு ஹங்கேரிய முறை என்றே பெயர் வைத்தார். யாருக்கு எந்த வேலை கொடுத்தால் மொத்தப் பலன் அதிகம் என்ற கேள்விக்காகப் பிறந்த கணக்கு, இங்கே யாருக்கு எந்த முகம் என்ற கேள்விக்கு உதவுகிறது. பைத்தானில் அது ஒரே வரி. அதன் பின் முகம் மாற்றுவதும் மூன்று வரிதான்:

```python
rows, cols = linear_sum_assignment(-S)
out = img.copy()
for f, p in zip(rows, cols):
    out = swapper.get(out, faces[f], donor[p], paste_back=True)
```

`S` என்பது மதிப்பெண் அட்டவணை; முகங்கள் கிடைவரிசையில், ஆட்கள் நெடுவரிசையில். கழித்தல் குறி எதற்கென்றால், இந்தக் கட்டளை சிறுமத்தைத் தேடும்; நமக்கோ பெருமம் வேண்டும். `faces` பட்டியல் மூலப் படத்திலிருந்து ஒரே தடவை எடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு முகத்தை மாற்றிவிட்டு, மாறிய படத்தில் மறுபடி முகம் தேடினால், புது முகங்களும் கணக்கில் நுழைந்து ஆள் குழம்பிவிடும். எல்லாரையும் கண்டு, எல்லாரையும் சேர்த்து முடித்த பிறகே முதல் முகத்தில் கை வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. எப்படியாவது எல்லாருக்கும் ஓர் இணை கொடுத்துவிடும். பதிவேட்டில் இல்லாத பரிமாறும் ஆள் படத்தில் வந்துவிட்டால், அந்தப் படத்தில் இல்லாத யாராவது ஒருத்தியின் பெயரை அவருக்குக் கட்டிவிடும். அதனால் சேர்த்து முடித்த பிறகு, 0.4-க்குக் கீழே உள்ள இணைகளைத் தனியே எடுத்துக் கண்ணால் பார்த்தேன். பந்திப் படத்தின் கோடியில் இருந்தவர்களின் முகம் 60 பிக்சல்தான். ஆர்க்ஃபேஸ் கேட்பது 112 பிக்சல் சதுரம். சின்ன முகத்தை இழுத்துப் பெரிதாக்கித்தான் கொடுக்க முடியும், இழுத்தால் கலங்கும். அப்படிக் கலங்கிய முகங்களில் ஐந்து 0.4-க்குக் கீழே வந்தன. அவற்றில் நான்கு சரியான ஆட்களே. ஐந்தாவது, பரிமாறிய பையன்.

இனிப் புது முகங்கள். உண்மையான தன்னார்வலர்களின் முகத்தைக் கேட்டு வாங்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு நல்ல முன்னுதாரணமும் உண்டு. டேவிட் ஃபிரான்ஸ் இயக்கி 2020-இல் வந்த ‘வெல்கம் டு செச்னியா’ ஆவணப்படத்தில், செச்னியாவில் துன்புறுத்தப்பட்டுத் தப்பியோடும் தற்பாலீர்ப்பாளர்களின் முகத்தின் மேல் தன்னார்வலர்களின் முகத்தைப் பொருத்தினார்கள். ஒருவருக்கு ஒரே முகம், படம் முழுக்க. மாற்றிய முகத்தின் ஓரத்தை மட்டும் சற்றே மென்மையாக விட்டிருந்தார்கள். இது மாற்று முகம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. முகம் கொடுத்தவர்கள் வேறு நாட்டவர்கள் என்பதால் அங்கே அது பொருந்தியது. எங்களுக்குப் பொருந்தாது. பக்கத்து மாவட்டத்துப் பெண் ஒருத்தி தன் முகத்தைக் கொடுத்தால், நாளை சந்தையில் அவளைப் பார்த்து ‘நீ அந்தச் சூளையில் இருந்தவள்தானே’ என்று யாராவது கேட்கலாம். ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தியை மாட்டிவிட்டதாக ஆகும். அதனால் கணினி உருவாக்கிய முகங்களையே எடுத்தோம்.

அதில் ஒரு வருத்தம் இருந்தது. அந்த மாதிரிகள் பெரும்பாலும் இணையத்தில் கிடைத்த மேற்கத்தியர்களின் படங்களிலேயே பழகியவை. வெயிலில் காய்ந்த, வெற்றிலை போட்ட, அறுபது வயது இருளப் பெண்ணின் முகம் அவற்றுக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கில் உருவாக்கித்தான் 37-ஐப் பொறுக்கினேன். பொறுக்கிய முகங்கள் ஒன்றுக்கொன்று போதுமான அளவு விலகி இருக்கின்றனவா என்று அதே மதிப்பெண்ணால் சோதித்தேன். எந்த இரண்டு முகமும் 0.3-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால், கூட்டப் படத்தில் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தெரிவார்கள்.

முகத்தை ஒட்டும் மாதிரி inswapper_128. வணிகமல்லாத ஆராய்ச்சிக்கு மட்டுமே அனுமதி உள்ளது. பெயரில் இருக்கும் 128-தான் அதன் எல்லையும்: புது முகத்தை 128 பிக்சல் சதுரத்தில் வரைந்து, பிறகு பெரிதாக்கி ஒட்டும். பின்வரிசை முகங்களுக்கு அது போதும். முன்வரிசையில் 300 பிக்சல் அகலமுள்ள முகத்தில், சேலையின் நூல்கூடத் தெரியும்போது முகம் மட்டும் மெழுகு போல் இருக்கும். அதைச் சரிசெய்ய முகத்தைச் செப்பனிடும் மாதிரி ஒன்றை மேலே ஓட்டுவது வழக்கம். ஓட்டினேன். சுருக்கங்கள் மறைந்து, எல்லார் கன்னமும் ஒரே மாதிரி மினுங்கியது. பாட்டிகள் பத்து வயது இளைத்தார்கள். ஒரே ஆளின் மாற்று முகத்துக்கு இரண்டு படங்களுக்கு இடையே இருந்த ஒற்றுமையும் குறைந்தது. செப்பனிடும் மாதிரி ஒவ்வொரு படத்திலும் தன் போக்கில் கொஞ்சம் இட்டுக்கட்டி வரைகிறது. கடைசியில் அதைப் பாதிக்குக் கீழே குறைத்து, முன்வரிசைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

மூக்குத்தியும் பொட்டும் போயின. 128 பிக்சலில் மூக்குத்தி ஒன்றிரண்டு புள்ளிதான். மாதிரி அதைக் கறை என்று எண்ணித் துடைத்துவிடுகிறது. சிலரது ஒரு பக்கப் பொட்டு மட்டும் பாதியாக நின்றது. பொட்டை மூலப் படத்திலிருந்து முகமூடி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். மூக்குத்தியை மட்டும் விட்டுவிட்டேன். சிலரது மூக்குத்தி பாட்டி கொடுத்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது. அதுவே ஓர் அடையாளம்.

மாற்றி முடித்ததும் மூன்று விதமாகச் சோதித்தேன். புது முகத்துக்கும் சொந்த முகத்துக்கும் உள்ள மதிப்பெண் 0.2-க்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் மறைந்தது என்று சொல்லலாம். புது முகம் தனக்கென வைத்த முகத்தோடு நெருங்கியிருக்க வேண்டும். நான்கு படங்களிலும் ஒரே ஆளின் புது முகங்கள் தங்களுக்குள் ஒத்திருக்க வேண்டும். இரண்டு பேர் முதல் சோதனையில் தவறினார்கள். பொருத்திய முகமே தற்செயலாக அவர்கள் சாடையில் இருந்தது. முகத்தை மாற்றிக்கொடுத்து மறுபடி ஓட்டினேன்.

மதிப்பெண் எல்லாம் சரியாக வந்த பிறகு, அச்சடித்து எடுத்துக்கொண்டு அவர்களிடமே போனோம். ஒரு பாட்டி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது யாரு தம்பி, என் பொடவைய கட்டிக்கினு நிக்கிது?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியில்தான் நாங்கள் பார்க்கத் தவறியது இருந்தது. முகத்தைத்தான் மாற்றினோம், புடவை அப்படியே இருக்கிறது. கையில் பச்சை குத்திய பெயர் இருக்கிறது. நிற்கும் வாகு இருக்கிறது. மற்றவர்கள் ஒருவரையொருவர் புடவையை வைத்தும் கையை வைத்தும் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள். கூட இருப்பவர்கள் கண்டுபிடிப்பது இயல்பு. சூளைக்காரரின் ஆளும் கண்டுபிடிப்பாரா என்பதே கேள்வி. பச்சை குத்தியதை மறைத்தோம். மூன்று பேரின் புடவை நிறத்தை மாற்றினோம். வீட்டு வாசல் படத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை ஓரத்தில் தெரிந்ததை அழித்தோம். கோப்புக்குள் பதிந்திருந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை நீக்கினோம். மூலப் படங்களை யாரும் முகநூலில் போடவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். அதே பின்னணியுள்ள படம் வெளியே கிடந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே போதும்.

பதிவேட்டையும் அழித்தோம். 512 எண்களாக இருந்தாலும் அது முகம்தான். அந்த எண்களைக் கையில் வைத்திருப்பவர், எந்தப் படத்திலும் அந்த ஆளைத் தேட முடியும். யாருக்கு எந்த மாற்று முகம் என்ற பட்டியல் வெளியே போனால், அத்தனை வேலையும் ஒரு நொடியில் திரும்பிவிடும். அச்சுக்குப் போகும் நாளன்று, அமைப்பின் பொறுப்பாளர் முன்னிலையில் என் கணினியிலிருந்து எல்லாவற்றையும் நீக்கினேன். ஒவ்வொரு படத்தின் கீழும் ‘பாதுகாப்புக்காக முகங்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்று தலைப்புக்குச் சமமான எழுத்தில் போட்டோம்.

அதற்கு முன் ஒன்று நடந்தது. நாற்பது வயதுப் பெண் ஒருவர் தன் சொந்த முகமே வேண்டும் என்றார். “நான் ஓடி ஒளியல தம்பி. சான்றிதழ் வாங்கினு வந்தவ. என் மூஞ்சி இருக்கட்டும்.” பதிவேட்டில் ஒரு வரியை நீக்கினால் அவர் முகம் அப்படியே நின்றுவிடும், வேலை என்று பார்த்தால் ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் அவர் யார் என்று தெரிந்துவிட்டால், அவர் பக்கத்தில் நிற்கும் நால்வரும் அதே சூளையிலிருந்து அவரோடு வந்தவர்கள் என்பதும் தெரிந்துவிடும். அந்த நால்வரின் புது முகத்துக்கு அப்புறம் பொருளில்லை. இதை அவரிடம் படத்தைக் காட்டிச் சொன்னோம். அவர் அந்த நால்வரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார். திரும்பி வந்து, குழுப் படத்தில் மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தன்னைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னார். வேப்பமரத்தடியில், ஊர் தெரியாதபடி, நெஞ்சுக்கு மேல் மட்டும் எடுத்தேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அது வந்திருக்கிறது. மாற்றாத முகம் அது ஒன்றுதான்.